ஒரு தீவு, இரண்டு பெயர்

மும்பையின் இந்தியா வாயிலுக்கு அருகில் நின்று கிழக்கே பார்த்தால், துறைமுகக் கடலின் நடுவே இரண்டு குன்றுகளைக் கொண்ட ஒரு தீவு மங்கலாகத் தெரியும். படகில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அங்குச் சென்று சேரலாம். ஏரவாடாவிலிருந்து கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர் பலர் அத்தீவின் குடைவரைக் கோயிலையும் அங்குள்ள மூன்று முகச் சிவன் சிற்பத்தையும் கண்டிருப்பர். படகுச் சீட்டில் 'எலிஃபெண்டா' என்ற பெயர் இருக்கும். தீவில் வாழும் மீனவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டால் 'காராபுரி' என்பர். இரண்டும் ஒரே தீவின் பெயர்கள்.

எலிஃபெண்டா என்பது போர்ச்சுகீசியர் இட்ட பெயர். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் அத்தீவுக்கு வந்தபோது, இறங்குதுறைக்கு அருகில் பெரிய கல் யானை ஒன்று நின்றது. கப்பலிலிருந்து இறங்குவோர் கண்ணில் முதலில் படுவது அதுவே. ஆகவே யானையின் பெயரே தீவின் பெயராயிற்று. தீவுக்குள் சென்று அங்கு வாழ்ந்தவரிடம், "உங்கள் ஊரின் பெயர் என்ன?" என்று கேட்டிருந்தால் அவர்களுக்கு வேறு விடை கிடைத்திருக்கும். காராபுரி என்பதற்குக் குகைகளின் ஊர் என்று பொதுவாகப் பொருள் கூறுவர்.

அந்த யானையின் கதை பெயரின் கதையை விடச் சுவையானது. 1864ஆம் ஆண்டில் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்றனர். தூக்கும்போது கல் யானை கீழே விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகள் பின்னர் மும்பையின் பைகுல்லாப் பகுதியில் உள்ள பூங்காவில் ஒட்டி நிறுத்தப்பட்டன. இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தின் அருகில் அந்த யானையைக் காணலாம். யானை தீவை விட்டுப் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பெயர் மட்டும் போகவில்லை. எந்தப் பொருளைக் கண்டு பெயர் இடப்பட்டதோ அந்தப் பொருள் மறைந்த பின்னரும் பெயர் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் அருகில் வேறில்லை.

ஒரு தீவின் பெயரைக் கேட்டதும் எழ வேண்டிய முதல் கேள்வி, அப்பெயரை இட்டவர் எங்கே நின்று பார்த்தார் என்பதாகும். கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்தவர் ஒரு வகையாகப் பெயரிடுவார். அத்தீவின் கரையில் வலை உலர்த்துபவர் வேறு வகையாகப் பெயரிடுவார்.

கரையில் நின்றவர் இட்ட பெயர்கள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் வரிசையாகச் சிறுதீவுகள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை 21 என்று நூல்களில் காணப்படும். 1986ஆம் ஆண்டு முதல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அத்தீவுகளில் பலவற்றின் பெயர்கள் அவ்வழியே படகு செலுத்திய மீனவர் இட்டவை. அப்பெயர்களில் புகழுரை இல்லை. தலைவர் பெயர் இல்லை. படகோட்டிக்கு வேண்டிய செய்தியே பெயராக இருக்கிறது.

வேம்பாற்றுக் கடலில் அருகருகே உள்ள இரு தீவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று நல்லதண்ணித் தீவு. மற்றொன்று உப்புத்தண்ணித் தீவு. நாள்கணக்கில் கடலில் இருப்பவனுக்கு மீனை விட முதன்மையானது குடிநீர். எந்தத் தீவில் குழி தோண்டினால் குடிக்கத்தக்க நீர் கிடைக்கும், எந்தத் தீவில் கிடைக்காது என்பதைத் தந்தை மகனுக்குச் சொல்ல வேண்டும். எழுதி வைக்க ஏடு இல்லாத இடத்தில் அச்செய்தியைப் பெயரிலேயே வைத்தனர். இது கப்பலில் கடந்து செல்பவரால் இடப்படக்கூடிய பெயரன்று. இறங்கி, தோண்டி, குடித்துப் பார்த்தவர் இட்ட பெயர்.

அடுத்து ஆனைப்பார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்னும் பெயர்களைப் பார்க்கலாம். 'பார்' என்பது கடலடிப் பாறைத் திட்டைக் குறிக்கும். முத்துக்குளித்த இடங்களை 'முத்துப்பார்' என்று அழைத்ததும் இதனால்தான். 'சல்லி' என்பது சிறு கல். இத்தீவுகளின் நிலம் பவளப்பாறை உடைந்த கற்களாலும் மணலாலும் ஆனது என்பதை இச்சொல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'விலாங்கு' என்பது பாம்பு போல நீண்ட மீன். பாறை எங்கே இருக்கிறது என்பது படகின் அடிப்பலகை உடையாமல் காக்கும் அறிவு. மீன் எங்கே கிடைக்கும் என்பது அடுப்பு எரியச் செய்யும் அறிவு. இரண்டும் பெயர்களில் அடங்கிவிட்டன.

பெயர் இருக்கிறது என்பதால் தீவு இருக்கிறது என்று கொள்ளுதல் கூடாது. விலாங்குச்சல்லித் தீவும் கீழக்கரைப் பக்கத்தில் இருந்த பூவரசன்பட்டித் தீவும் இப்போது நீருக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போனது. 21 என்ற எண்ணும் அந்த இரு பெயர்களும் பட்டியலில் தொடர்கின்றன. எலிஃபெண்டாவில் யானை போய்ப் பெயர் நின்றது. இங்கே தீவே போய்ப் பெயர் நிற்கிறது.

இப்பெயர்களை மொழிபெயர்க்கும்போது ஒரு தொல்லையும் நேர்ந்தது. தூத்துக்குடிக்கு அருகில் முயல் தீவு உள்ளது. மண்டபத்துக்கு அருகில் முசல் தீவு உள்ளது. 'முசல்' என்பது முயலின் பேச்சுவடிவம். உள்ளூரார்க்கு உச்சரிப்பு வேறுபாடே இரண்டையும் பிரித்துக் காட்டப் போதுமானது. ஆங்கில வரைபடம் வரைந்தவர்கள் சொல்லின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டையும் 'ஹேர் ஐலண்ட்' என்று எழுதினர். ஒரே வளைகுடாவில் ஒரே பெயருடைய இரண்டு தீவுகள் அப்படித் தோன்றின. பெயரை மொழிபெயர்க்காமல் ஒலி மாறாமல் எழுதுவதே நல்லது என்று இன்றைய வரைபட அறிஞர் கருதுவதற்கு இத்தகைய குழப்பங்களும் ஒரு காரணம்.

வடிவத்தைக் கண்டவர்

வடிவத்தால் பெயர் பெற்ற தீவுகளும் உண்டு. ஆனால் ஒரு தீவின் முழு வடிவம் கடலில் செல்பவனுக்குத் தெரிவதில்லை. அவனுக்குத் தெரிவது ஒரு பக்கத்துக் கரையும் அதன்மேல் உள்ள மரங்களுமே. முழுவடிவம் தெரிய வேண்டுமானால் தீவைச் சுற்றி நடந்திருக்க வேண்டும், அல்லது வரைபடத்தில் பார்த்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில் உள்ள நெடுந்தீவு முதல் வகையைச் சார்ந்தது. 'நெடுமை' என்ற பண்புப்பெயரின் அடியாகப் பிறந்த பெயர் அது. சுற்றியுள்ள சிறு தீவுகளோடு ஒப்பிட்டு, 'இது நெடியது' என்று அங்கு வாழ்ந்தவர் சொன்ன சொல்.

இரண்டாம் வகைக்கும் யாழ்ப்பாணக் கடலிலேயே சான்று உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவில் ஒரு சிறு கோட்டை நிற்கிறது. போர்ச்சுகீசியர் கட்டிய அக்கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதற்கு 'ஹாமன்ஹீல்' என்று பெயரிட்டனர். அச்சொல்லுக்குப் பன்றித்தொடையின் குதிகால் என்பது பொருள். இலங்கையின் வரைபடம் அவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை போலத் தோன்றியது. அத்தொடையின் ஒடுங்கிய வடமுனையில் கோட்டை இருந்ததால் அது குதிகாலாயிற்று. அதே நிலப்பரப்பை மாங்காய் போன்றது என்று நம்மவர் சொல்வர்; கண்ணீர்த்துளி என்றும் முத்து என்றும் சொல்வாரும் உளர். அவரவர் வீட்டில் எது கண்ணுக்குப் பழக்கமோ அதுவே உவமையாக வருகிறது. யாழ்ப்பாணத்தார் அக்கோட்டையை இன்றும் 'கடற்கோட்டை' என்றே அழைக்கின்றனர். பன்றித்தொடையைக் காட்டிலும் இப்பெயர் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

ஒல்லாந்தரின் பெயர்ப்பட்டியல்

தீவுகளுக்கு இரண்டு பெயர் அமைவதை நுணுகிக் காண யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் போன்ற இடம் வேறு கிடைப்பது அரிது. இந்தியப் பெருங்கடலின் வணிகத்தைக் கைக்கொள்ள 1602இல் ஒல்லாந்தர் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினர். ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹாய்சன் என்னும் ஆறு நகரங்களில் அக்கம்பெனிக்குக் கிளை மன்றங்கள் இருந்தன. கப்பல் கட்டுவதும் முதல் திரட்டுவதும் இம்மன்றங்களின் பணி. 1658இல் அக்கம்பெனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றியது.

கைப்பற்றிய நிலத்தின் கணக்கை எழுத வேண்டும். வரைபடம் வரைய வேண்டும். தீவுகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் இருந்தன. அவை ஒல்லாந்தர் நாவுக்குக் கடினமாக இருந்தன. எனவே தங்கள் நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடல்பர்க் எனவும், அனலைதீவு ராட்டர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், நெடுந்தீவு டெல்ஃப்ட் எனவும் பெயர் பெற்றன. இந்த ஆறு பெயர்களில் நான்கு, கம்பெனியின் மன்றங்கள் இருந்த நகரங்களுடையவை. லெய்டனும் ஹார்லெமும் அந்நாட்டின் வேறு இரு பெருநகரங்கள்.

இப்பெயர்களை மன்னார் வளைகுடாப் பெயர்களோடு ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். நல்லதண்ணித் தீவு என்ற பெயர் அத்தீவைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. புங்குடுதீவு என்ற பெயரில் புங்க மரத்தையும் காரைதீவு என்ற பெயரில் காரைச் செடியையும் காண்பர் உள்ளூரார். ராட்டர்டாம் என்ற பெயரோ அனலைதீவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அது பெயரிட்டவரைப் பற்றியே சொல்கிறது. போர்ச்சுகீசியர் இவ்வளவு தொலைவு செல்லவில்லை. அவர்கள் நெடுந்தீவைத் தம் மொழியில் 'பசுக்களின் தீவு' என்றனர். நெடுந்தீவுக்குப் பசுத்தீவு என்ற பெயர் தமிழிலும் வழங்கியது. கால்நடை மிகுந்த அத்தீவுக்கு அப்பெயர் பொருந்தியது.

கம்பெனியோடு வந்த பிலிப்பஸ் பால்டேயஸ் என்னும் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் தமிழும் கற்றார். மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகிய நிலங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாயிற்று. இத்தகைய நூல்களும் கடல் வரைபடங்களும் ஐரோப்பாவில் பரவியதால், யாழ்ப்பாணத்தைக் கண்ணால் காணாதவர்க்கும் டெல்ஃப்ட், லெய்டன் என்ற தீவுப் பெயர்கள் அறிமுகமாயின. தீவில் வாழ்ந்தவர்க்கோ அவை தெரியவில்லை, தெரிந்தவர்க்கும் தேவைப்படவில்லை. ஒரே நிலம் ஏட்டில் ஒரு பெயரோடும் நாவில் மற்றொரு பெயரோடும் 137 ஆண்டுகள் இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர்.

நின்றதும் மறைந்ததும்

இனி அப்பெயர்களுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். மிடல்பர்க், ராட்டர்டாம், ஹார்லெம் ஆகிய மூன்றும் இன்று வரலாற்று நூல்களில் மட்டுமே உள்ளன. ஆம்ஸ்டர்டாம் என்று அழைத்தால் காரைநகரில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார். லெய்டன் என்ற பெயர் ஆங்கில வரைபடங்கள் சிலவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெல்ஃப்ட் மட்டும் நிலைத்தது. இன்றும் அத்தீவின் அலுவலகப் பலகைகளில் தமிழில் நெடுந்தீவு என்றும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்றும் எழுதுகின்றனர். ஆங்கிலேயர் தங்கள் ஆவணங்களில் அப்பெயரைத் தொடர்ந்து எழுதினர். சுதந்திரத்துக்குப் பின் வந்த நிருவாகமும் ஆங்கிலத்தில் எழுதும்போது அதையே எடுத்துக்கொண்டது. ஒரு பெயரை உயிரோடு வைப்பது அதை இட்டவரின் ஆற்றலன்று. அதைத் தினமும் எழுதும் எழுத்தர் கையும் அஞ்சல் முத்திரையுமே.

ஊர்காவற்றுறையின் பெயர் இன்னும் நுட்பமானது. நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் ஆணை. அயல்நாட்டு வணிகர் 'ஊராத்துறை'யில் வந்து தங்க வேண்டும் என்றும், யானை குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உரியவர்க்கும் சேரும் என்றும் அது கூறுகிறது. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. சிங்களத்தில் அதனை 'ஊராதொட்ட' என்பர். தமிழில் 'ஊர்', 'காவல்', 'துறை' என்னும் மூன்று சொற்கள் தெளிவாகத் தெரியும்படி அப்பெயர் பின்னாளில் அமைந்துவிட்டது. போர்ச்சுகீசியர் அதே இடத்தைத் தம் மொழியில் கப்பல் அணையும் துறை என்னும் பொருளில் 'காயிஸ்' என்றனர். அது ஆங்கிலத்தில் 'கைட்ஸ்' ஆயிற்று. இரண்டு பெயர்களும் வேறுவேறு மொழியில் பிறந்தவை எனினும், இரண்டும் துறை என்றே சொல்வது கவனிக்கத்தக்கது. கப்பல் அணைந்த இடத்தைக் கப்பலோட்டி வேறெப்படி அழைப்பான்?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பெயரின் இன்றைய வடிவத்தை மட்டும் பிரித்துப் பார்த்துப் பொருள் சொல்வது ஏமாற்றும். ஊர்காவற்றுறை என்பதை 'ஊர் + காவல் + துறை' எனப் பிரித்தவுடன் விளக்கம் முடிந்ததாகத் தோன்றும். கல்வெட்டிலோ 'காவல்' என்ற சொல்லே இல்லை. பழைய வடிவம் எது, அது எந்த ஆண்டின் எழுத்தில் உள்ளது என்று பார்த்த பின்னரே பொருள் கூற முற்பட வேண்டும்.

நயினாதீவின் நிலை வேறு. அங்கு ஒல்லாந்தப் பெயர் முற்றிலும் மறைந்தது. ஆயினும் தீவுக்கு இன்றும் இரண்டு பெயர் உண்டு. நாகபூசணி அம்மனை வழிபடச் செல்லும் தமிழர் அதனை நயினாதீவு என்பர். பௌத்த விகாரையை வழிபடச் செல்லும் சிங்களவர் நாகதீபம் என்பர். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இதுவே என்று கருதுவோரும் உளர். இங்கே ஒரு பெயர் உள்ளூரார் பெயர், மற்றொன்று கடந்து சென்றவர் பெயர் என்று பிரிக்க இயலாது. குறிகட்டுவான் துறையில் ஒரே படகில் ஏறும் இரு குடும்பங்கள் இரு பெயர் சொல்லி ஒரே தீவில் இறங்குகின்றன. இரண்டு பெயரும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இரண்டையும் சொல்ல மக்கள் இருப்பதே.

ஒலி மாறிய பெயர்கள்

இரண்டு பெயர் போலத் தோன்றினும் உண்மையில் ஒரே பெயராக இருப்பவையும் உண்டு. மும்பை நகரின் புறநகர்ப் பகுதிகள் பெரிதும் அமைந்துள்ள தீவை ஆங்கில நூல்கள் 'சால்செட்' என்னும். மராத்தியில் அது 'சாஷ்டி'. 66 ஊர்களைக் கொண்டது என்ற பொருளில் வந்த சாஷ்டி, போர்ச்சுகீசியர் வாயில் சால்செட் ஆயிற்று. குஜராத்துக் கரையில் உள்ள 'டையூ'வும் அப்படியே. தீவு என்னும் பொருளுடைய 'த்வீபம்' என்ற சொல்லே அவ்வாறு தேய்ந்தது. நம் 'தீவு' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. ஆற்றின் நடுவே உள்ள நிலத்துக்குத் தமிழில் துருத்தி, அரங்கம் என்னும் பழஞ்சொற்கள் உண்டு. காவிரியின் இரு கிளைகளுக்கு நடுவே திருவரங்கம் இருப்பதை நினைத்தால் ஊர்ப்பெயரின் பொருள் விளங்கும்.

முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற இடங்களைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்ற பெயர் வருகிறது. 'மா' என்பது அடைமொழி. நக்கவாரமே இன்றைய நிக்கோபார். இது புதிய பெயரன்று. பழைய ஒலியே அயல் நாவில் உருமாறி நம்மிடம் திரும்பி வந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றைப் பசிபிக் பெருங்கடலில் காணலாம். 1777ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முன்னாளில் ஜேம்ஸ் குக் ஒரு பவளத்தீவை அடைந்து அதற்குக் 'கிறிஸ்துமஸ் தீவு' என்று பெயரிட்டார். கண்டறிந்த நாளின் பெயரைத் தீவுக்கு இடுவது அக்காலக் கடலோடிகளிடம் பெருவழக்கு. அத்தீவு இன்று கிரிபாட்டி என்னும் நாட்டைச் சார்ந்தது. அந்நாட்டு மொழியில் 'ஸ்' ஒலியை 'டி' என்னும் எழுத்துச் சேர்க்கையால் எழுதுவர். ஆதலால் கிறிஸ்துமஸ் என்பதை அவர்கள் 'கிரிட்டிமாட்டி' என எழுதி, ஏறத்தாழக் 'கிரிஸ்மஸ்' என்றே உச்சரிக்கின்றனர். வரைபடத்தில் பார்ப்பவர் அது பழங்குடியினரின் பழம்பெயர் என்று எண்ணிவிடுவர். நாட்டின் பெயரும் அவ்வாறே. கில்பர்ட் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவரின் பெயரே அங்குக் 'கிரிபாட்டி' என எழுதப்படுகிறது. வெளியார் இட்ட பெயரையும் உள்ளூரார் தம் ஒலிக்கு மாற்றித் தமதாக்கிக்கொள்வது உண்டு.

பெயர் மாற்றமும் பழைய பெயரும்

அந்தமான் தீவுகள் பலவற்றுக்குக் கப்பல் அளவையாளர், படைத்தலைவர் ஆகியோரின் பெயர்களை ஆங்கிலேயர் சூட்டினர். போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள சிறுதீவுக்கு, கடல் அளவையாளர் டேனியல் ராசின் பெயரால் 'ராஸ் தீவு' என்ற பெயர் அமைந்தது. ஹேவ்லாக், நீல் என்னும் தீவுகள் 1857ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையை நடத்திய இருவரின் பெயரைத் தாங்கின. அந்தப் போரில் சிறைப்பட்ட இந்தியர் நாடுகடத்தப்பட்டதும் அதே அந்தமானுக்குத்தான். கைதியைச் சுற்றிலும் அவனை வென்றவர் பெயர்களே இருந்தன.

1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியக் கொடியை ஏற்றினார். அந்தமானையும் நிக்கோபாரையும் ஷகீத், சுவராஜ் என்று அழைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சரியாக 75 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பர் 30 அன்று மூன்று தீவுகளின் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆயிற்று. நீல் ஷகீத் தீவு ஆயிற்று. ஹேவ்லாக் சுவராஜ் தீவு ஆயிற்று. 2023 சனவரி 23 அன்று மேலும் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

ஆணை ஒரே நாளில் வெளியாகும். பழைய பெயர் ஒரே நாளில் மறைவதில்லை. அரசாணையில் சுவராஜ் தீவு என்று இருக்க, பயணிகள் இன்னும் ஹேவ்லாக் என்றே கேட்கின்றனர். பயண நிறுவனங்கள் புதிய பெயரை எழுதி அடைப்புக்குறிக்குள் பழைய பெயரைச் சேர்க்கின்றன. அந்தமானில் ஆங்கிலேயர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஓங்கே, ஜாரவா, சென்டினல், பெரிய அந்தமானியர் ஆகிய மக்கள் வாழ்ந்து வருகின்றனர். இத்தீவுகளுக்கு அவர்கள் மொழிகளில் உள்ள சொற்கள் படகுச் சீட்டிலும் இல்லை, அடைப்புக்குறிக்குள்ளும் இல்லை.